போனில் கிளிக், லேப்டாப்பில் ஆர்டர்: ஒரு கடையின் கணக்கில் இடம் மாறிய 22 விற்பனைகள்

ரசீது பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், லேபிள் ரோல் ஆகியவற்றை இணையத்தில் விற்கும் ஒரு கடை. தமிழ்நாடு முழுக்கப் பார்சல் அனுப்புகிறது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மளிகைக் கடை, மருந்துக் கடை, சின்ன ஜவுளி நிறுவனம் நடத்துபவர்கள். விளம்பரம் கூகுள் தேடலில் மட்டும். இது ஒரே ஒரு கடையின் கதை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வியாபாரங்களில் அடிக்கடி தென்படும் ஒரு சிக்கலை ஒரு கடையின் மேல் ஏற்றி எழுதியிருக்கிறேன். எண்களும் கணக்கு விளங்குவதற்காக உருண்டையாக வைத்தவை.

மாத விளம்பரச் செலவு 3 லட்சம் ரூபாய். அதில் 2 லட்சம் போனில் வரும் கிளிக்குகளுக்கும் 1 லட்சம் கணினியில் வரும் கிளிக்குகளுக்கும் போகிறது. எல்லா வழியிலும் சேர்த்து மாதம் 400 ஆர்டர். கூகுள் அனலிட்டிக்ஸில், அதாவது GA4-இல், விளம்பரம் வழியாக வந்த ஆர்டர்களைச் சாதன வாரியாகப் பிரித்தால் போனுக்கு 40, கணினிக்கு 60. ஒரு ஆர்டருக்கு ஆன விளம்பரச் செலவு போனில் 5,000 ரூபாய், கணினியில் சுமார் 1,667 ரூபாய். விளம்பரச் செலவைக் கழிக்கும் முன் ஒரு ஆர்டரில் கடைக்கு நிற்கும் லாபம் 3,500 ரூபாய். இந்த எண்களைப் பார்க்கும் எந்த முதலாளியும் போன் விளம்பரம் கையைக் கடிக்கிறது என்றுதான் சொல்வார். இவரும் அப்படித்தான் சொன்னார். போனுக்கான செலவைப் பாதியாகக் குறைத்தார்.

அவர் போட்ட கணக்கு எளிது. 1 லட்சம் மிச்சம். போன் ஆர்டர் 40-இல் பாதி போனால்கூட இழப்பு 70,000 ரூபாய்க்குள். அடுத்த மாதம் போன் விளம்பர ஆர்டர் 22-க்கு இறங்கியது, 18 குறைவு. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் மொத்த ஆர்டர் 400-லிருந்து 368-க்கு இறங்கியது, 32 குறைவு. மீதி 14 எங்கே போனது என்று தேடினால், யாரும் கை வைக்காத இரண்டு வரிகளில்தான் குறைந்திருந்தது. ஒன்று `(direct) / (none)`, அதாவது முகவரியை நேராகத் தட்டி வந்தவர்கள். இன்னொன்று கடையின் பெயரைக் கூகுளில் தேடி, விளம்பரம் அல்லாத இணைப்பு வழியாக வந்தவர்கள். இரண்டிலுமே இறக்கம் கணினியில்தான். 32 ஆர்டருக்கான லாபம் 1,12,000 ரூபாய். ஆக, 1 லட்சம் மிச்சம் பிடித்து 1,12,000 ரூபாயை விட்டிருக்கிறார்.

இந்த ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு மட்டும் எதையும் அடித்துச் சொல்லிவிட முடியாது. மாதம் 400 ஆர்டர் வரும் கடையில் எந்தக் காரணமும் இல்லாமலே 20 கூடும், 20 குறையும். ஆனாலும் எதில் குறைந்தது என்பது சந்தேகத்தைக் கிளப்பப் போதுமானது. போன் விளம்பரத்தைக் குறைத்தால் கணினியில் நேரடியாக வரும் ஆர்டர் ஏன் குறைய வேண்டும்?

தொடர்பு எங்கே அறுகிறது

விளம்பரத்தைக் கிளிக் செய்யும்போது முகவரியின் கடைசியில் `gclid` என்ற நீளமான ஒரு குறியீடு ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு கிளிக்குக்கும் தனித்தனிக் குறியீடு. கடையின் பக்கத்தில் இருக்கும் கூகுள் டேக் என்ற சின்ன ஸ்கிரிப்ட் அதை எடுத்து `_gcl_aw` என்ற குக்கீயில் எழுதிவைக்கும். பிறகு அதே பிரவுசரில் ஆர்டர் முடியும்போது டேக் அந்தக் குக்கீயைப் படித்து, இந்த ஆர்டர் இந்தக் கிளிக்கால் வந்தது என்று தகவல் அனுப்பும்.

'அதே பிரவுசரில்' என்பதுதான் இங்கே முக்கியம். குக்கீ அந்தப் போனின் அந்தப் பிரவுசருக்குள்தான் கிடக்கும். மருந்துக் கடைக்காரர் ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வீட்டில் போனில் தேடுகிறார், விளம்பரத்தைத் தட்டுகிறார், விலையைப் பார்க்கிறார். மறுநாள் காலையில் கடைக் கணினியில் உட்கார்ந்து, கடையின் பெயரை நினைவு வைத்துத் தட்டி வந்து, ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு, கடையின் வங்கிக் கணக்கிலிருந்து நெட்பேங்கிங்கில் பணம் கட்டுகிறார். கடைக் கணினியில் அந்தக் குக்கீ இல்லை. அனலிட்டிக்ஸைப் பொறுத்தவரை இவர் எங்கிருந்தோ புதிதாக வந்தவர். ஆர்டர் விட்டுப்போகவில்லை, எண்ணப்பட்டுவிட்டது. ஆனால் வேறொரு வரியில் சேர்ந்துவிட்டது.

நம் ஊரில் பொதுவாகப் போனிலேயே வாங்கி யுபிஐயில் பணம் கட்டி முடித்துவிடுகிறார்கள். சேலை, சார்ஜர் விற்கும் கடைக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இருக்காது. ஜிஎஸ்டி பில் வேண்டும், பணம் கம்பெனிக் கணக்கிலிருந்து போக வேண்டும், இரண்டு மாடலை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும் என்கிற பொருட்களில்தான் இது பெரிதாகிறது. இந்தக் கடைக்கு மூன்றும் உண்டு.

கூகுளுக்கு இது தெரியாத விஷயம் அல்ல. 2013 அக்டோபரிலேயே, பல சாதனங்களில் கூகுள் கணக்கில் நுழைந்திருப்பவர்களை வைத்து, சாதனம் மாறி நடக்கும் விற்பனைகளை மதிப்பிட்டுக் காட்டத் தொடங்கியது. 2016 செப்டம்பர் முதல் அந்த மதிப்பீடு, விளம்பரக் கணக்கின் `Conversions` என்ற வரிசையிலேயே சேர்ந்து வருகிறது. தனியாகப் பார்க்க `Cross-device conversions` என்ற வரிசையைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொரு விஷயமும் உண்டு. விளம்பரக் கணக்கில் சாதன வாரியாகப் பிரித்தால், கிளிக் எந்தச் சாதனத்தில் நடந்ததோ அதன் கணக்கில்தான் ஆர்டர் சேரும். GA4-இல் ஆர்டர் நடந்த சாதனத்தின் கணக்கில் சேரும். அதனால் ஒரே மாதத்துக்கு இரண்டும் வேறு வேறு எண்ணைக் காட்டுவது பிழை அல்ல. கேள்வியே வேறு.

இந்தக் கடையின் விளம்பரக் கணக்கு போனுக்கு 49 ஆர்டர் காட்டியது, அதில் 9 சாதனம் மாறியவை. முதலாளி அதை நம்பவில்லை. விளம்பரம் விற்கிறவனே தனக்கு மார்க் போட்டுக்கொள்வதா என்றார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் இந்த விஷயத்தில் அந்த மார்க் கூடுதலாக அல்ல, குறைவாகத்தான் இருந்தது. காரணம் பின்னால் வருகிறது.

கடையின் சொந்தப் பதிவில் தேடியது

நல்லவேளையாக, இந்தக் கடையின் தளத்தில் 'கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பு' என்று ஒரு பட்டன் இருந்தது. கைபேசி எண்ணைக் கொடுத்தால் விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் போகும். அந்த எண்ணும், எந்த நேரம், எந்தச் சாதனம், முகவரியில் `gclid` இருந்ததா என்பதும் கடையின் சர்வரில் பதிவாகியிருந்தன. ஆர்டர் போடும்போதும் கைபேசி எண் கட்டாயம். எனவே யாருடைய கருவியையும் நம்பாமல், இரண்டு அட்டவணைகளையும் எண்ணை வைத்து இணைத்துப் பார்க்கலாம். செலவைக் குறைப்பதற்கு முந்தைய மாதத்தின் ஆர்டர்களை மட்டும் `orders` அட்டவணையில் எடுத்துவைத்துக்கொண்டு இப்படி:

```sql
SELECT COUNT(DISTINCT o.order_id)
FROM orders o
JOIN quotes q
  ON RIGHT(q.phone, 10) = RIGHT(o.phone, 10)
WHERE q.device = 'mobile'
  AND o.device = 'desktop'
  AND q.gclid IS NOT NULL
  AND o.created_at > q.created_at
  AND o.created_at <= q.created_at + INTERVAL 30 DAY;
```

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒருவர் +91 சேர்த்துப் போடுவார், இன்னொருவர் முன்னால் சைபர் போடுவார். அதனால்தான் கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் ஒப்பிடுகிறோம். இடைவெளியும் கோடும் இருந்தால் அவற்றை முன்பே நீக்கிவிட வேண்டும். ஒரே ஆள் மூன்று முறை கொட்டேஷன் கேட்டிருந்தால் ஒரு ஆர்டர் மூன்றாகத் தெரியும். `DISTINCT` அதற்காக. 30 நாள் என்பது கூகுள் விளம்பரங்களில் கிளிக்குக்கு இயல்பாக இருக்கும் கால அளவு.

விடை 31. ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. 3 ஆர்டர்களில் திரை அகலம் போன் அளவில் இருந்தது. குரோமில் `Desktop site` என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, போனிலேயே ஆர்டர் போட்டவர்கள். சர்வர் அவர்களைக் கணினி என்று எண்ணிவிட்டது. ஐபேடிலும் இதே கதைதான். 2019 முதல் அதில் உள்ள சஃபாரி தன்னை மேக் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. மீதி 28. அவற்றில் 6 பேர் அந்தக் கிளிக்குக்கு முன்பே இந்தக் கடையில் வாங்கியவர்கள். லேபிள் ரோல் தீர்ந்து மறுபடி வாங்க வந்தவர், வழியில் விளம்பரத்தைத் தட்டியிருக்கலாம். அவரை விளம்பரம் கொண்டுவந்தது என்று சொல்ல எனக்கு மனசில்லை. கழித்தால் 22.

இந்த 22-உம் GA4-இல் எங்கே கிடந்தன? 12 நேரடி வருகை என்ற பெயரில். 7 கடையின் பெயரைத் தேடி வந்தவை. மீதி 3, கடையின் பெயரைத் தேடும்போது மேலே வரும் கடையின் சொந்த விளம்பரத்தைக் கணினியில் தட்டி வந்தவை. இந்த 3 சுவாரஸ்யமானவை, ஏனென்றால் இவை கணினி விளம்பரத்தின் 60-க்குள் உட்கார்ந்திருந்தன. கணினி விளம்பரம் மலிவாகத் தெரிந்ததில் ஒரு பங்கு, போன் விளம்பரம் முதல் நாள் செய்த வேலை.

இப்போது கணக்கைத் திருத்தினால் போனுக்கு 62 ஆர்டர், ஒன்றுக்கு சுமார் 3,226 ரூபாய். கணினிக்கு 57, ஒன்றுக்கு சுமார் 1,754 ரூபாய். போன் விளம்பரம் இன்னும் விலை அதிகம்தான். ஆனால் 3,500 என்ற கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. மாதம் 17,000 ரூபாய் லாபம். கொட்டிக்கொடுக்கவில்லை, கையைக் கடிக்கவும் இல்லை. இந்த 22 குறைந்தபட்சம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கொட்டேஷன் கேட்காமல் விலையை மட்டும் பார்த்துவிட்டுப் போய் மறுநாள் கணினியில் வாங்கியவர்கள் இந்த வலையில் சிக்க மாட்டார்கள்.

இதே இணைப்பை `o.device = 'mobile'` என்று மாற்றி, குக்கீ இல்லாத ஆர்டர்களையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. அப்படிக் கிடைப்பவை சாதனம் மாறியவை அல்ல, ஒரே போனில் தொடர்பு அறுந்தவை. ஐபோனின் சஃபாரி, பக்கத்தின் ஸ்கிரிப்ட் எழுதிய குக்கீயை அதிகபட்சம் 7 நாள்தான் வைத்திருக்கும். ஒரு செயலிக்குள் இருக்கும் பிரவுசரில் கிளிக், பிறகு குரோமில் ஆர்டர் என்றாலும் தொடர்பு அறும். நோய் வேறு, மருந்தும் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் எதைச் சரிசெய்தோம் என்றே தெரியாது.

ஏன் 9 மட்டும் காட்டியது

இரண்டு சாதனங்களைக் கூகுள் இணைக்க, ஒரே ஆள் இரண்டிலும் தன் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். மற்றவர்களை அதை வைத்து மதிப்பிடுகிறது. இங்கே போனில் இருப்பது ஆளின் சொந்த ஜிமெயில். கடைக் கணினியில் இருப்பது கடையின் பொது மெயில், அல்லது எதுவுமே இல்லை. அதனால்தான் குறைவு.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து `Enhanced conversions`. ஆர்டரில் வாடிக்கையாளர் கொடுத்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் SHA-256 முறையில் குழப்பி அனுப்பினால், கூகுள் தன்னிடம் உள்ள கணக்குகளோடு ஒப்பிட்டு, அந்த ஆள் முன்பு விளம்பரத்தைத் தட்டியிருக்கிறாரா என்று பார்க்கும். குழப்புவதற்கு முன் மின்னஞ்சலைச் சிற்றெழுத்தாக்கி, முன்பின் இடைவெளியை நீக்க வேண்டும். கைபேசி எண் `+91`-உடன் தொடங்க வேண்டும். ஒரு இடைவெளி மிஞ்சினாலும் வெளிவரும் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும், பொருந்தாது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் எரிச்சலான விஷயம்.

இந்தக் கடையில் அதைப் போட்டும் பலன் கொஞ்சம்தான். ஆர்டரில் வரும் மின்னஞ்சல் `accounts@` என்று தொடங்கும் கம்பெனி முகவரி. போனில் இருப்பது வேறு. கைபேசி எண்ணை மட்டும் நம்ப வேண்டியிருக்கிறது, அதுவும் அந்த எண்ணைத் தன் கூகுள் கணக்கில் சேர்த்திருப்பவர்களுக்கு மட்டும். அதைவிடப் பெரிய சிக்கல், பல ஆர்டர்களில் கிளிக் செய்தவர் முதலாளி, ஆர்டர் போட்டவர் கணக்குப்பிள்ளை. ஆளே வேறு. எந்த மின்னஞ்சலும் எந்தக் கணக்கும் இந்த இருவரையும் இணைக்காது. மேலே போட்ட கைபேசி எண் இணைப்பும் இங்கே தோற்றுவிடும்.

இருவரையும் இணைப்பது கொட்டேஷன் ஒன்றுதான். முதலாளி வாட்ஸ்அப்பில் வந்த விலைப்பட்டியலைக் கணக்குப்பிள்ளைக்கு அப்படியே ஃபார்வர்டு செய்வார். எனவே அந்தச் செய்தியில் கடையின் முகப்பு முகவரிக்குப் பதிலாக, கொட்டேஷன் எண் ஒட்டிய இணைப்பை அனுப்பத் தொடங்கினார்கள். முகவரியின் கடைசியில் `?q=4815` மாதிரி. கணக்குப்பிள்ளை தன் கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து அந்த இணைப்பைத் தட்டினால், பொருட்கள் ஏற்கெனவே கூடையில் இருக்கும். அவருக்கு வேலை மிச்சம். கடைக்கு அந்த ஆர்டர் எந்தக் கொட்டேஷனிலிருந்து வந்தது, அந்தக் கொட்டேஷன் எந்தக் கிளிக்கிலிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். இந்த முழு வேலையிலும் அதிகப் பலன் தந்தது இந்தச் சின்ன மாற்றம்தான் என்பேன். விளம்பரக் கருவி எதிலும் இதற்குப் பட்டன் கிடையாது.

அப்புறம், அந்த `gclid`-ஐ ஆர்டர் தொகையோடும் நேரத்தோடும் விளம்பரக் கணக்கில் பதிவேற்ற வேண்டும். நேரம் `2025-03-14 11:20:00+05:30` என்ற வடிவில் இருக்க வேண்டும். நேர மண்டலத்தைத் தவறாகப் போட்டால் சில ஆர்டர்கள் கிளிக்குக்கு முன்பே நடந்ததாகத் தெரிந்து நிராகரிக்கப்படும். 90 நாளைத் தாண்டிய கிளிக்குக்கும் ஏற்காது. டேக் ஏற்கெனவே அனுப்பும் ஆர்டரையே மறுபடி பதிவேற்றினால் ஒன்று இரண்டாகிவிடும். அதனால் பதிவேற்றத்தை `Primary` ஆகவும் டேக்கை `Secondary` ஆகவும் வைத்து, `gclid` தெரிந்த எல்லா ஆர்டரையும் பதிவேற்ற வழியாகவே அனுப்பினார்கள். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கொடுப்பது என்ற ஏலத்தைத் தானாக நிர்ணயிக்கும் முறை இயல்பாக `Primary`-ஐ மட்டும்தான் பார்க்கும். கைபேசி எண் தனிமனிதத் தரவு. எதற்குப் பயன்படும் என்பதை கொட்டேஷன் பட்டனுக்குக் கீழேயே ஒரு வரியில் எழுதிவிட்டார்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது மரியாதைக்காக மட்டும் செய்வதல்ல.

இணைப்பு சொல்லாதது

முதலாளி ஒரு கேள்வி கேட்டார். சரி, அந்த 62 பேரும் போனில் விளம்பரத்தைத் தட்டினார்கள். தட்டாமல் இருந்திருந்தால் வந்திருக்க மாட்டார்களா? இதற்கு எந்த இணைப்பும் பதில் சொல்லாது. விளம்பரத்தைச் சில ஊர்களில் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

ஊர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றில் போனுக்கான ஏலத்தை `-100%` ஆக்கி, போனில் விளம்பரமே வராமல் செய்துவிடலாம். கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றும் ஒரே குழுவில் இருக்க வேண்டும், தினமும் இடையில் போய்வருகிறவர்கள் அதிகம். பிறகு GA4-ஐ மூடிவைத்துவிட்டு, டெலிவரி பின்கோடு வாரியாக மொத்த ஆர்டரை மட்டும் எண்ண வேண்டும். எந்த வழியாக வந்தது என்று பார்க்கவே கூடாது.

சிக்கல் அளவில் இருக்கிறது. குழுவுக்கு மாதம் 200 ஆர்டர். இரண்டு குழுவுக்கும் இடையே இயல்பாகவே √400, அதாவது 20 ஆர்டர் அளவுக்கு வித்தியாசம் ஆடும். நாம் தேடும் இழப்பு 62-இல் பாதி, 31. ஒரு மாதத்தில் இது ஆட்டத்துக்குள் மறைந்துபோகக்கூடும். மூன்று மாதம் நடத்தினால் இழப்பு 93, ஆட்டம் √1200, சுமார் 35. அப்போது தெளிவாகத் தெரியும். ஆனால் 62-உம் விளம்பரத்தால் மட்டும் வந்தவை என்றால், அந்த மூன்று மாதத்தில் விடும் லாபம் 3,25,000 ரூபாய்க்கு மேல். நிறுத்திவைத்த செலவான 3 லட்சம் அதில் திரும்பி வந்துவிடும். ஆக சோதனையின் உண்மைச் செலவு சுமார் 25,000 ரூபாய்தான்.

முதலாளி ஒத்துக்கொண்டார், தீபாவளிக்கு முந்தைய மாதங்கள் வேண்டாம் என்ற நிபந்தனையோடு. கடைகள் புது பில்லிங் மெஷின் போடும் நேரம் அது. அந்தச் சமயத்தில் எந்தக் குழுவும் மற்றதற்கு ஒப்பாக இருக்காது. சோதனை ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அதுவரை போன் செலவைப் பழைய 2 லட்சத்துக்கே திருப்பிவிட்டு, போனுக்கு ஒரு ஆர்டரின் செலவு உச்சவரம்பை, கொட்டேஷன் வழி ஆர்டர்களையும் சேர்த்து எண்ணி, 3,200 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள்.